ஹெஸ் விதிக் கணக்கில் அவசரப்பட்டு அடிக்கக் கூடாத ஒரு H₂O

சமன்பாட்டைத் திருப்பினால் குறி மாறும், இரண்டால் பெருக்கினால் என்தால்பியையும் இரண்டால் பெருக்க வேண்டும். இவற்றை எல்லாப் பாடநூலும் சொல்லிவிடுகிறது, நாலு கணக்கு போட்டால் கையும் பழகிவிடும். அதனால் இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது நான் செய்த வேறு சில தவறுகள் இன்றும் விடைத்தாள்களில் அப்படியே வருகின்றன. அவற்றைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நிலையைப் பார்க்காமல் அடிப்பது

மீத்தேனின் உருவாதல் என்தால்பியைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்பனையும் ஹைட்ரஜனையும் நேராக வினைபுரிய வைத்து இதை அளப்பது கடினம், வேறு ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்தே உருவாகும். ஆனால் கார்பன், ஹைட்ரஜன், மீத்தேன் மூன்றையும் தனித்தனியாக எரித்து வெப்பத்தை அளந்துவிடலாம். அப்படிக் கிடைத்த மூன்று படிகள் இவை (25 °C-இல், கிலோஜூலில்):

```
C(s) + O2(g) → CO2(g)                −393.5
H2(g) + ½O2(g) → H2O(l)              −285.8
CH4(g) + 2O2(g) → CO2(g) + 2H2O(g)   −802.3
```

நமக்கு வேண்டியது C(s) + 2H₂(g) → CH₄(g). முதல் படி அப்படியே, இரண்டாவது இருமடங்கு, மூன்றாவது தலைகீழாக. கூட்டினால் −393.5 − 571.6 + 802.3 = −162.8. சரியான விடையோ −74.8.

ஒரு மாணவி இந்தக் கணக்கோடு வந்து, "சார், மூணு தடவை கூட்டிப் பார்த்துட்டேன், புத்தகத்துலதான் தப்பு" என்றாள். கூட்டலில் பிழையே இல்லை. பென்சிலால் இடப்பக்கம் இருந்த 2H₂O-வையும் வலப்பக்கம் இருந்த 2H₂O-வையும் ஒரே கோட்டில் அடித்திருந்தாள். இடப்பக்கம் இருந்தது நீராவி, வலப்பக்கம் இருந்தது திரவ நீர்.

என்னை இன்னும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். விடையில் குறி சரியாக இருக்கும், அளவும் நம்பும்படி இருக்கும், எதுவும் உறுத்தாது. அந்த −162.8 கூட ஒரு நிஜமான வினையின் மதிப்புதான். நிலைகளை விடாமல் எழுதிக் கூட்டிப் பாருங்கள்:

```
C(s) + 2H2(g) + 2H2O(g) → CH4(g) + 2H2O(l)
```

மீத்தேன் உருவாவதோடு இரண்டு மோல் நீராவி குளிர்ந்து நீராவதும் இதில் சேர்ந்துவிட்டது. 25 °C-இல் ஒரு மோல் நீர் ஆவியாக 44.0 கிலோஜூல் தேவை. இரண்டு மோலுக்கு 88.0. விடை அவ்வளவுதான் தள்ளிப் போயிருக்கிறது.

சரிசெய்ய நான்காவதாக ஒரு படி வேண்டும்: H₂O(l) → H₂O(g), +44.0. அதை இருமடங்காக்கிச் சேர்த்தால் நீர் இரண்டு பக்கமும் முழுதாக அடிபடும், −162.8 + 88.0 = −74.8 வந்துவிடும்.

ஒரே மீத்தேனின் எரிதலுக்குச் சில அட்டவணைகள் −890.3 என்றும் சில −802.3 என்றும் தருவதற்கும் இதுவே காரணம். 25 °C-இல் நீர் திரவம் என்பதால் வேதியியல் அட்டவணைகள் வழக்கமாக முதல் மதிப்பைத் தருகின்றன. உலையிலும் எந்திரத்திலும் நீர் ஆவியாகவே வெளியேறிவிடும் என்பதால் எரிபொருள் அட்டவணைகள் பலவற்றில் இரண்டாவது மதிப்பு இருக்கும். இரண்டிலிருந்தும் எண்களை எடுத்துக் கலக்கும்போது நிலைக்குறியைப் பார்க்காவிட்டால் மாட்டிக்கொள்வோம்.

அதனால் அடிப்பதற்கு முன் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். (l)-உம் (g)-உம் வேறு வேறு பொருள்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் நிலையே தராவிட்டால், எந்த நிலை என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதை விடையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கிராஃபைட்டும் வைரமும்

இதுவும் இதே தவறுதான். C(s) என்று மட்டும் இருந்தால் அது கிராஃபைட்டா வைரமா என்று தெரியாது, ஒன்றை மற்றொன்றாக எடுத்து அடித்தால் விடை மோலுக்கு 1.9 கிலோஜூல் தள்ளிப் போகும்.

ஆக்சிஜனில் தொடங்குவது

மேலே உள்ள கணக்கைப் போல ஆக்சிஜன் எல்லாப் படியிலும் வந்தால், அதை வைத்து எந்தப் படியை எத்தனை மடங்கு எடுப்பது என்று முடிவு செய்ய முடியாது. ஒரே ஒரு படியில் மட்டும் வரும் பொருளில் தொடங்குங்கள். ஆக்சிஜன் கடைசியில் தானாக அடிபடும். அடிபடாவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது.

நடுவிலேயே முழு எண்ணாக்குவது

பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண்ணை எடுக்கும் கணக்கு இது. அதே மீத்தேன் கணக்கை, நீர் திரவமாக வரும் −890.3-ஐ வைத்துப் போடுவோம். 393.5-ஐ 394 என்றும் 285.8-ஐ 286 என்றும் 890.3-ஐ 890 என்றும் ஆக்கிவிட்டுப் போட்டால் −394 − 572 + 890 = −76 வருகிறது. எந்த எண்ணிலும் அரை கிலோஜூலுக்கு மேல் மாறவில்லை, ஆனால் விடை 1.2 கிலோஜூல் நகர்ந்துவிட்டது. பெருக்கும்போது அந்தச் சின்னப் பிழையும் சேர்ந்து பெருகும். தசமத்தைக் கடைசி வரி வரை கொண்டுபோய் அங்கே சுருக்குங்கள்.