பத்து நிமிட விளக்கக் காணொளிக்கு ஷாட் பட்டியலும் ஸ்டோரிபோர்டும்: விதைநெல் தேர்வை வைத்து ஒரு செய்முறை

சென்ற ஆண்டு குறுவைக்கு விதைநெல் தயாரிப்பதை மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் படம் பிடித்தேன். உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு, பதரை நீக்கி, நல்ல விதையை முளைகட்டும் பழைய முறை அது. ஒரு காலை முழுக்க எடுத்தும், வெறும் தண்ணீரில் முட்டை மூழ்குவதை எடுக்கத் தவறிவிட்டேன். நினைவு வந்து கேட்டபோது சித்தப்பா, "தம்பி, உப்பைக் கரைத்தாயிற்று. இனி இந்தத் தண்ணீரில் முட்டை எங்கே மூழ்கும்?" என்றார். மூழ்குவதைக் காட்டாமல் மிதப்பதை மட்டும் காட்டினால், உப்பு என்ன வேலை செய்தது என்பதே பார்ப்பவருக்குப் புரியாது.

இந்த ஆண்டு அதே காணொளியைக் காகிதத்தில் திட்டமிட்டு எடுத்தோம். அந்தத் திட்டத்தையே படிப்படியாகச் சொல்கிறேன். செல்போனும் ஒரு ட்ரைபாடும் உள்ளவர்களுக்கு இது போதும்.

1. முதலில் நேரத்தைப் பங்கிடுங்கள்

பத்து நிமிடம் என்பது 600 விநாடி. வேலையைச் செய்பவரோடு உட்கார்ந்து, அவர் கை எந்த வரிசையில் போகிறதோ அந்த வரிசையில் பகுதிகளை எழுதுங்கள். எங்களுக்கு எட்டுப் பகுதிகள் வந்தன. முளைவிட்ட நெல்லைக் காட்டும் தொடக்கம் 40 விநாடி, தேவையான பொருள்கள் 50, உப்புக் கரைசலும் முட்டையும் 150, விதையைக் கொட்டிப் பதர் நீக்குதல் 120, நல்ல தண்ணீரில் அலசுதல் 60, ஊறவைத்தல் 50, சாக்கில் கட்டி மூட்டம் போடுதல் 70, சாக்கைப் பிரித்து முளையைக் காட்டுதல் 60. கூட்டினால் 600.

சரிசமமாகப் பிரிக்க வேண்டாம். பார்ப்பவர் எந்த இடத்தில் தவறு செய்வாரோ அந்த இடத்துக்கு நேரத்தைக் கொடுங்கள். ஊறவைப்பதில் யாரும் தடுமாற மாட்டார்கள். உப்பு எவ்வளவு போடுவது என்பதில்தான் தடுமாறுவார்கள். அதனால்தான் அதற்கு இரண்டரை நிமிடம்.

ஒவ்வொரு பகுதிக்கும் பேச வேண்டியதை எழுதி, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் வேகமாகப் போய்விடும், கணக்குத் தவறும்.

2. ஒரு பகுதியை ஷாட்டுகளாகப் பிரித்தல்

கையால் செய்யும் எந்த வேலைக்கும் குறைந்தது மூன்று ஷாட் வேண்டும்: செய்வதற்கு முன் பொருள் இருந்த நிலை, கை வேலை செய்வது, செய்த பின் பொருள் இருக்கும் நிலை. முதல்முறை படம் எடுப்பவர்கள் நடுவில் உள்ளதை மட்டும் எடுப்பார்கள். பெரும்பாலும் தவறிப்போவது 'முன்' நிலைதான். வேலை தொடங்கிய நொடியே அது காணாமல் போய்விடும்.

எங்கள் மூன்றாம் பகுதியின் பட்டியல் இது. முதல் எண் பகுதி, இரண்டாம் எண் ஷாட்.

3-1: வைடு. திண்ணை, சித்தப்பா, இடப்பக்கம் வாளி, வலப்பக்கம் விதைப் பை.
3-2: குளோசப், பக்கவாட்டில். வெறும் தண்ணீரில் முட்டை மூழ்குகிறது. ஒரே முறை.
3-3: மேலிருந்து. 10 லிட்டர் தண்ணீரில் கல் உப்பு விழுகிறது.
3-4: குளோசப். கை கலக்குகிறது, உப்பு கரைகிறது.
3-5: பக்கவாட்டில். முட்டை பாதி உயரத்தில் நிற்கிறது. ஒரே முறை.
3-6: மேலிருந்து. இன்னும் இரண்டு கைப்பிடி உப்பு.
3-7: குளோசப், மேலிருந்து. முட்டையின் முனை பழைய 25 காசு அளவு வெளியே தெரிகிறது.
3-8: கை முட்டையை வெளியே எடுக்கிறது.

கடைசி ஷாட்டைப் பாருங்கள். மூன்று விநாடிக்கு மேல் அது காணொளியில் வராது. ஆனால் அது இல்லாவிட்டால், முட்டை மிதக்கும் வாளியிலேயே அடுத்த காட்சியில் விதை கொட்டப்படும். முட்டை எங்கே போனது என்று பார்ப்பவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எது உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று கேட்டால் இத்தகைய இணைப்பு ஷாட்டுகள் தாமாகப் பட்டியலில் ஏறும்.

'ஒரே முறை' என்று எழுதியவற்றைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியாது, நனைந்த விதை மறுபடி உலர்ந்த விதை ஆகாது. சிவப்பு ஷாட் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று ஏற்பாட்டையும் பக்கத்தில் எழுத வேண்டும். நாங்கள் ஒரு குடம் வெறும் தண்ணீர், இரண்டு முட்டை, தனியே ஒரு கிலோ உலர்ந்த விதைநெல் என்று எழுதினோம். முட்டை புதிதாக இருக்க வேண்டும் என்பதையும் பட்டியலிலேயே குறித்தோம். நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெரிதாகி, அது வெறும் தண்ணீரிலேயே மேலே வரும். அப்படி ஒரு முட்டை வாய்த்தால் அந்தக் காட்சியே பொய்யாகிவிடும்.

3. ஸ்டோரிபோர்டு: கட்டம் வரைந்தால்தான் தெரியும் குறை

ஷாட் பட்டியல் என்ன எடுப்பது என்று சொல்லும். கேமரா எங்கே நிற்கிறது, படச் சட்டத்துக்குள் என்ன தெரிகிறது என்பதை ஸ்டோரிபோர்டு சொல்லும். ஒரு தாளில் 8 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் உள்ள கட்டங்களை வரையுங்கள். இது காணொளித் திரையின் 16:9 வடிவம். ஓவியம் வர வேண்டியதில்லை. வாளிக்கு ஒரு நீள்வட்டம், முட்டைக்கு ஒரு சிறு வட்டம், கைக்கு இரண்டு கோடு, அசைவுக்கு ஓர் அம்புக்குறி போதும். கட்டத்தின் கீழே ஷாட் எண்ணையும் அப்போது பேசும் முதல் வரியையும் எழுதுங்கள்.

3-2 இல் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பட்டியலில் முதலில் 'வாளியில் முட்டை மூழ்குகிறது' என்றுதான் எழுதியிருந்தேன். கட்டத்தில் வரையத் தொடங்கியதும் கை நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்தால் வாளி ஒரு வட்டம், முட்டை அதற்குள் ஒரு வட்டம். மூழ்கிய முட்டையும் மிதக்கும் முட்டையும் கட்டத்தில் ஒன்றுபோலவே இருந்தன. ஆழம் மேலிருந்து தெரியாது. பக்கவாட்டில் பார்க்கலாம் என்றால் பிளாஸ்டிக் வாளிக்குள் பார்வை போகாது. எனவே கண்ணாடி ஊறுகாய் ஜாடி ஒன்று தேவைப்பட்டது. வாளித் தண்ணீரையே ஜாடியில் மொண்டு, முட்டையை விட்டுப் பக்கவாட்டில் எடுப்பது என்று முடிவானது. பொருள்கள் பட்டியலில் ஜாடி ஏறியது அப்போதுதான். காகிதத்தில் பத்து நிமிடம் யோசித்திராவிட்டால், காலை ஏழு மணிக்கு ஈரக்கையோடு ஜாடி தேடி ஓடியிருப்போம்.

எல்லா ஷாட்டுக்கும் கட்டம் வரைய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் உட்கார்ந்து பேசும் ஷாட்டுக்கு ஒரு கட்டம் வரைந்துவிட்டு 'அதே' என்று எழுதினால் போதும். கேமரா இடம் மாறும் ஷாட்டுகளுக்கும் சிவப்பு வட்டமிட்டவற்றுக்கும் மட்டும் கட்டாயம் வரையுங்கள். வரையும்போது வாளி எப்போதும் இடப்பக்கமே இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவைச் சித்தப்பாவின் பின்பக்கம் கொண்டுபோனால் வாளி வலப்பக்கம் தாவிவிடும், பார்ப்பவர் இன்னொரு வாளி என்று நினைப்பார். அடியில் எழுத்து போடப் போகும் ஷாட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வரையுங்கள்.

4. எடுக்கும் வரிசை வேறு

விதையை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்துச் சாக்கில் கட்டி இன்னொரு நாள் மூட்டம் போட்டால் முளை எட்டிப் பார்க்கும். ஆக, இது மூன்று நாள் படப்பிடிப்பு. காணொளியின் முதல் காட்சியான முளைவிட்ட நெல் மூன்றாம் நாள்தான் கையில் கிடைக்கும். அதனால் ஷாட் எண்களை மாற்றாமல், நாள்வாரியாக இன்னொரு தாளில் பிரித்து எழுதுங்கள். முதல் நாள் தாளில் பகுதி 2 முதல் 6 வரை, இரண்டாம் நாள் தாளில் பகுதி 7, மூன்றாம் நாள் தாளில் பகுதி 8, அதன் பிறகு பகுதி 1.

மூன்று நாளும் ஒரே நாள்போல் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். நாங்கள் நாள் மாறுவதைச் சொல்லியே காட்டினோம். ஆனால் ஊறவைத்த விதையை அமுக்கி மூழ்கவைக்கும் ஷாட்டில் சித்தப்பா கையில் இருந்த மோதிரம், மறுநாள் அதே அண்டாவிலிருந்து நீர் வடிக்கும்போது இல்லாமல் போனால் கண்ணில் உறுத்தும். சட்டை, துண்டு, மோதிரம், அண்டா வைத்த இடம் ஆகியவற்றை முதல் நாள் முடிவில் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கும் ஒரு வரி இடுங்கள். எங்கள் திண்ணை கிழக்குப் பார்த்தது. ஏழு மணி முதல் ஒன்பது வரை வெயில் சாய்வாக வரும், அதன் பிறகு தண்ணீரில் வானம் பளபளத்து முட்டை தெரியாது. அதனால் தண்ணீர் ஷாட்டுகளை முதலில் வைத்தோம். ஆனி, ஆடிக் காற்று மைக்கில் மோதி இரைச்சலாகும். எனவே பேச்சைத் தனியே வீட்டுக்குள் பதிவு செய்வது என்று எழுதிவிட்டோம். விதை கொட்டும் சத்தம், அலசும் சத்தம் இரண்டை மட்டும் திண்ணையிலேயே அருகில் வைத்துப் பதிவு செய்தோம்.

5. எடுப்பதற்கு முந்தைய இரவு

கட்டங்களை ஒவ்வொன்றாகச் செல்போனில் படமெடுத்து, எடிட்டிங் செயலியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய விநாடி அளவுக்கு நீட்டுங்கள். அதன்மேல் உங்கள் பேச்சைப் படித்துப் பதிவு செய்து ஓடவிடுங்கள். வாய் பேசுகிறது, திரையில் காட்டுவதற்குக் கட்டம் இல்லை என்ற இடம் வந்தால் அங்கே ஒரு ஷாட் விடுபட்டிருக்கிறது. எங்களுக்கு அலசும் பகுதியில் அப்படி ஓர் இடம் வந்தது. 'உப்பு தங்கினால் முளைப்பு கெடும், இரண்டு மூன்று முறை அலச வேண்டும்' என்று பேச்சில் இருந்தது. பட்டியலில் ஒரு முறை அலசுவது மட்டுமே இருந்தது. 5-3, 5-4 என்று இரண்டு ஷாட் சேர்த்தோம்.

6. எடுக்கும்போது

பட்டியலைப் படிக்கவும் கோடிடவும் ஒருவர் தனியே இருக்க வேண்டும். எங்களுக்குச் சித்தி இருந்தார். கேமரா பிடிப்பவரே கோடிட்டால், எடுத்ததாக நினைத்ததையும் எடுத்ததாகக் கோடிட்டுவிடுவார். ஒவ்வொரு ஷாட்டிலும் செயல் தொடங்கும் முன் ஐந்து விநாடி, முடிந்த பின் ஐந்து விநாடி கேமராவை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டும்போது கை பாதியில் தோன்றும்.

ஒரு பகுதி முடிந்ததும் எடுத்தவற்றை அங்கேயே ஓட்டிப் பார்த்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கேமராவின் ஃபோகஸ் முட்டை மேல் விழுந்ததா, ஜாடியின் கண்ணாடி மேல் விழுந்ததா என்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒப்பிட்டு முடித்து, சித்தி "சரி" என்ற பிறகுதான் சித்தப்பா உப்புத் தண்ணீரைக் கொட்டினார்.

படத்தொகுப்பு முடியும்வரை அந்த ஜாடி, வாளி, சட்டை, ஒதுக்கி வைத்த ஒரு கிலோ விதைநெல் நான்கையும் ஒரே இடத்தில் வைத்திருங்கள். நான்காம் பகுதியில் பதர் மேலே வரும் ஷாட் சற்று மங்கலாக இருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கண்டோம். அந்த ஒரு கிலோவைக் கொண்டு, அதே திண்ணையில், அதே ஏழரை மணி வெயிலில் அதை மறுபடி எடுத்தோம்.