பாலையா பாடினாரா? பாடகரைத் தேடும்போது நேரும் தவறுகள்

தருமபுரி, பாலக்கோடு வட்டாரத்துக் கோயில் விழா மேடைகளில் 'ஒருநாள் போதுமா' பாட்டுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. "அடுத்ததாக, டி.எஸ்.பாலையா பாடிய பாடல்" என்று அறிவிப்பாளர் சொன்னால், கூட்டத்தில் மறுத்துப் பேச ஆள் இருக்காது. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதராக அதற்கு வாயசைத்தவர்தான் பாலையா. பாடியவர் கர்நாடக இசை மேதை எம்.பாலமுரளிகிருஷ்ணா.

பாலையாவின் நடிப்பு அப்படி. சபையை அலட்சியமாகப் பார்க்கும் பார்வையும் கையசைப்பும் குரலோடு இழைந்துபோவதால், வேறொருவர் பாடியிருப்பார் என்று நினைக்கவே தோன்றாது. ஆனால் இந்தக் குழப்பத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் அதே படத்துக்குள் இருக்கிறது. ஔவையாராக வரும் கே.பி.சுந்தராம்பாள் 'பழம் நீயப்பா' பாட்டைத் தாமே பாடினார். பாணபத்திரராக வரும் டி.ஆர்.மகாலிங்கமும் 'இசைத்தமிழ் நீ செய்த' பாட்டைச் சொந்தக் குரலில்தான் பாடினார். இருவரும் நடிகர்களே பாடியாக வேண்டிய காலத்தில் பெயர் பெற்றவர்கள். இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள், பழைய நாடக நடிகரான பாலையாவையும் அதே வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். ஆக, ஒன்றும் தெரியாதவரைவிடப் பாதி தெரிந்தவரே இங்கு அதிகம் தவறுகிறார். இந்தப் படத்தில் சிவாஜிக்கு 'பாட்டும் நானே' பாடிய டி.எம்.சௌந்தரராஜனைப் பற்றி மட்டும் யாருக்கும் ஐயம் வருவதில்லை. அந்த இணை அவ்வளவு பழகிவிட்டது.

ஒரு படத்தில் ஒருவர் பாடினார் என்பது இன்னொருவருக்குச் சான்றாகாது. ஒருவர் ஒரு பாட்டைப் பாடினார் என்பது அவருடைய அடுத்த பாட்டுக்கே சான்றாகாது. 1969-இல் வந்த 'அடிமைப்பெண்' படத்தில் 'அம்மா என்றால் அன்பு' பாடலை ஜெயலலிதா தம் குரலிலேயே பாடினார். அதே படத்தில் அவர் திரையில் தோன்றும் 'ஆயிரம் நிலவே வா' பாட்டில் ஒலிப்பது பி.சுசீலாவின் குரல். எம்.ஜி.ஆர். என்றால் டி.எம்.எஸ். என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்களும் இங்கே வழுக்கி விழுவார்கள். அந்தப் பாட்டில் எம்.ஜி.ஆருக்குப் பாடியவர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். எனவே தேட வேண்டியது படத்தை அல்ல, நடிகரையும் அல்ல, அந்த ஒரு பாட்டை.

அடுத்த தவறு, படத்தின் தொடக்க எழுத்துகளை மட்டும் நம்புவது. பழைய படங்களில் 'பின்னணி' என்ற தலைப்பின்கீழ் எல்லாப் பாடகர்களின் பெயரும் மொத்தமாக வரும். எந்தப் பாட்டு யாருடையது என்று பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் அந்தப் பட்டியல் வீணல்ல. பாலமுரளிகிருஷ்ணாவின் பெயரை அங்கே பார்த்ததும், இவர் எந்தப் பாட்டைப் பாடினார் என்ற கேள்வி எழ வேண்டும். மற்ற ஆண் குரல் பாட்டுகளை ஒவ்வொன்றாக உரியவரிடம் ஒப்படைத்துக்கொண்டே வந்தால், ஹேமநாத பாகவதரின் பாட்டுக்கு அவர் மட்டுமே மிஞ்சுவார்.

அதன்பின் காதால் உறுதிசெய்யலாம். ஆனால் பாலையா வசனம் பேசும் குரலோடு பாட்டை ஒப்பிட்டுப் பயனில்லை. பேசும் குரலும் பாடும் குரலும் ஒரே ஆளிடமே மாறும். தவிர, சிவாஜிக்கு ஒரு விதமாகவும் எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் குரலை மாற்றிப் பாடிய டி.எம்.எஸ். போன்றவர்கள் இந்தச் சோதனையைச் சுலபமாகத் தோற்கடித்துவிடுவார்கள். பாட்டைப் பாட்டோடுதான் வைத்துக் கேட்க வேண்டும், அதுவும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பதிவானதோடு. 1964-இல் வந்த 'கலைக்கோயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணாவும் சுசீலாவும் பாடிய 'தங்க ரதம் வந்தது' இதற்குத் தோதானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'ஒருநாள் போதுமா' ஒரு ராகமாலிகை; தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகப் பெயர்களே வரிகளுக்குள் வந்து விழ, அங்கங்கே ராகம் மாறும். அந்தத் திருப்பங்களில் குரல் சிறிதும் திணறாமல் வழுக்கிக்கொண்டு போவதைக் கவனித்தால், பயிற்சி பெற்ற கச்சேரிப் பாடகர் ஒருவர் பாடுகிறார் என்பது புரிந்துவிடும்.

கைபேசிச் செயலிகளில் பாட்டின் கீழே வரும் பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே நடிகரின் பெயர் பாடகர் இடத்தில் ஏறியிருக்கலாம். படத்தின் எல்லாப் பாடகர்களும் ஒவ்வொரு பாட்டின் கீழும் வரிசையாக நிற்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் வீடுகளில் ஒரே மெட்டை இரண்டு மொழிகளில் கேட்டிருப்பார்கள். மொழிமாற்றுப் பதிப்பில் பாடியவர் வேறாக இருந்தால், அந்தப் பெயரைத் தமிழ்ப் பாட்டுக்கும் ஒட்டிவிடுவார்கள்.

பழைய இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் பாட்டின் முதலடியும் பாடகர் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும் என்பதால், அது கிடைத்தால் பெரும்பாலும் வழக்கு முடிந்துவிடும். பெரும்பாலும்தான். 1949-இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' தட்டில் பாடகர் இடத்தில் இருந்த பெயர் 'காமினி'. அது கதாநாயகியின் கதாபாத்திரப் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர்.