இரண்டு சொடுக்கில் சேர வேண்டிய பக்கங்கள்

ஒரு சிறு மருத்துவமனையின் இணையதளத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் மருத்துவர் வரும் நேரம், முன்பதிவு, முகவரி ஆகியவற்றைத்தான் தேடுகிறார்கள். எனவே மேல் மெனுவில் ‘சேவைகள்’ என்ற பொதுச் சொல்லுக்குள் இவற்றை ஒளித்துவைக்காமல், ‘மருத்துவர்கள்’, ‘முன்பதிவு’ என்று நேரடிப் பெயரிலேயே வைப்பது நல்லது.

பிரிவுகள் பலவாக இருந்தால் கீழ்விரியும் மெனு தேவைப்படும். ஆனால், மவுஸை மேலே கொண்டுசென்றால் மட்டும் விரியும் மெனு கைப்பேசியில் சரியாக இயங்காது. தொட்டவுடன் விரியாமல் வேறு பக்கத்துக்குத் தாவிவிடும், அல்லது எதுவுமே நடக்காது. ஆகவே ‘பிரிவுகள்’ என்பதைத் தொட்டால் எல்லாப் பிரிவுகளையும் பட்டியலிடும் ஒரு தனிப் பக்கம் திறக்கும்படி அமையுங்கள். அங்கிருந்து குழந்தைகள் நலப் பிரிவு இரண்டாவது சொடுக்கில் கிடைத்துவிடும். கைப்பேசியில் மூன்று கோட்டுக் குறியைத் தொடுவதும் ஒரு சொடுக்கே என்பதால், ‘பிரிவுகள்’, ‘முன்பதிவு’ பொத்தான்களை அதற்கு வெளியே எப்போதும் தெரியும்படி வைக்க வேண்டும்.

அடிப்பகுதியில் முகவரி, பார்வை நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் படமாக அல்லாமல் எழுத்தாகவே தந்து, எண்ணுக்கு `tel:` இணைப்பு கொடுத்தால், தொட்டவுடன் அழைப்புத் திரை திறக்கும்.

சோதிக்கும்போது முகப்பிலிருந்து மட்டும் எண்ணாதீர்கள். தேடுபொறி வழியாக வருபவர் பல நேரங்களில் உள்பக்கம் ஒன்றில் இறங்குவார். அங்கிருந்து, கைப்பேசியிலேயே, சொடுக்குகளை எண்ணிப் பாருங்கள்.