மேற்செலவை எண்ணிக்கையால் வகுக்காதீர்கள், இயந்திர மணியால் வகுங்கள்

திட்ட அறிக்கையில் விலை போடும்போது வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், தேய்மானம் போன்ற தொழிற்சாலை மேற்செலவை மொத்த உருப்படிகளால் வகுக்காமல், இயந்திரம் ஓடும் மணிநேரத்தால் வகுங்கள்.

மாத மேற்செலவு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிறிய மூடி 1,000, பெரிய மூடி 1,000 செய்கிறீர்கள். எண்ணிக்கையால் வகுத்தால் இரண்டுக்கும் தலா 60 ரூபாய் விழும். ஆனால் சிறியதற்கு 6 நிமிடம், பெரியதற்கு 18 நிமிடம் இயந்திரம் ஓடுகிறது. ஆக மொத்தம் 400 மணி, மணிக்கு 300 ரூபாய். இப்போது சிறியதன் பங்கு 30, பெரியதன் பங்கு 90. பெரிய மூடியை இத்தனை நாள் 30 ரூபாய் குறைத்துக் கணக்கிட்டிருப்போம்! வங்கியில் "இந்த விலை எப்படி வந்தது?" என்று கேட்டால் நிமிடக் கணக்கையே காட்டலாம்.

வகுக்கும் மணி, வழக்கமான மாதத்தில் ஓடக்கூடிய மணியாக இருக்கட்டும். ஆர்டர் குறைந்து 300 மணிதான் ஓடியது என்று அதால் வகுத்தால் மணிக்கு 400 ஆகிவிடும். விலை ஏறும், இருக்கிற ஆர்டரும் போகும். சும்மா நின்ற நேரத்தின் செலவைப் பொருள் மேல் ஏற்றாமல் நஷ்டமாகத் தனியே காட்டுங்கள்.

கைவேலை அதிகமுள்ள இடத்தில் இது பொருந்தாது, அங்கே ஆள் மணிதான் சரி. சின்னச் சின்ன ஆர்டருக்கு அச்சு மாற்றவே நேரம் போகிறது என்றால், அந்தச் செலவைத் தனியாகப் பிரித்து அந்தந்த ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.