மிதவை வால்வு தண்ணீரைத்தான் நிறுத்தும், மோட்டாரை அல்ல

மேல்நிலைத் தொட்டிக்கு மிதவை வால்வு மாட்டும் புதுப் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம், தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகளையே இவர்களும் செய்வது தெரிகிறது. மரையில் டேப் சுற்றாமல் விடுவதையும் முக்கால் அங்குலத்துக்கு அரை அங்குலம் வாங்கி வருவதையும் நான் இங்கே பேசப்போவதில்லை. அவை அன்றைக்கே கசிந்து தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பல மாதம் ஒளிந்திருந்து பிறகு பணத்தைப் பிடுங்கும் தவறு ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வால்வு எப்படி மூடுகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கம்பியின் ஒரு நுனியில் பந்து மிதக்கிறது; நீர்மட்டம் ஏறப் பந்தும் ஏறி, கம்பி ஓர் ஆணியில் திரும்பி, மறுமுனையால் பிஸ்டனைத் தள்ளி, அதன் வாஷரால் தண்ணீர் வரும் துவாரத்தை அடைக்கிறது. பந்தின் குறுக்களவு 11 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு ஏறக்குறைய 700 மி.லி. பாதி மூழ்கினால் 350 மி.லி. தண்ணீரை அது விலக்குகிறது. அந்தத் தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையோடு தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. பந்துக்கும் கம்பிக்கும் சேர்த்து 150 கிராம் கழித்தால் மிச்சம் 200 கிராம். பந்தின் நடுவிலிருந்து ஆணி வரை 30 செ.மீ., ஆணியிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் இடம் வரை 2 செ.மீ. இருந்தால், நெம்புகோல் அந்த 200 கிராமைப் பதினைந்து மடங்காக்கி, வாஷர் மேல் 3 கிலோ அழுத்தமாக வைக்கிறது. எதிரே இருப்பது சின்னத் துவாரம். 10 மி.மீ. துவாரத்தில் தெருக்குழாய்த் தண்ணீர் 5 மீட்டர் உயர அழுத்தத்தோடு வந்தாலும் அது திருப்பித் தள்ளுவது 400 கிராம் அளவுதான். பந்து பாதி மூழ்குவதற்குள்ளேயே வழி அடைபட்டுவிடும்.

மோட்டார் லைனில் இதை மாட்டுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். தொட்டி நிரம்பி வழிகிறது என்று வீட்டுக்காரர் சொல்வார். பையன் போய், மோட்டாரிலிருந்து ஏறிவரும் குழாயின் முனையில் மிதவை வால்வை மாட்டிவிட்டு வருவான். "இனிமே வழியாது சார்" என்பான். அது உண்மைதான், வழியாது.

மதுரையில் இரண்டு மாடி வீடு ஒன்று. தரையில் சம்ப், பக்கத்தில் 1 எச்.பி. மோனோபிளாக் பம்பு, மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி. முன்பெல்லாம் தொட்டி வழிந்தால் பக்கத்து வீட்டு அம்மா சத்தம் போடுவார், யாராவது ஓடிப்போய் சுவிட்சை அணைப்பார்கள். வால்வு மாட்டிய பிறகு அந்தச் சத்தமே இல்லை. ஒருநாள் மோட்டாரைப் போட்டுவிட்டு எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே இருந்த பிவிசி கப்ளிங் இளகிக் கழன்று, சம்ப் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் கிடந்தது.

"வால்வுதான் நிறுத்திடுமே அண்ணே, மோட்டாருக்கு என்ன ஆச்சு?" என்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான். வால்வு நிறுத்தியதால்தான் ஆயிற்று. அந்த மாதிரி மோட்டார், வழியை முழுவதும் அடைத்தால், 30 மீட்டர் உயரத்துக்கான அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று கொள்வோம். தொட்டி 9 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மிச்சம் 21 மீட்டர் அழுத்தம் வால்வில் நிற்கும். துவாரத்தின் மேல் அது 1.6 கிலோ சொச்சம். பந்து கூடக் கொஞ்சம் மூழ்கி அதையும் தாங்கிவிடும். தண்ணீர் நின்றுவிட்டது, ஆனால் மோட்டாருக்கு அந்தச் செய்தி போகவே இல்லை.

பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரம் அதே இரண்டு லிட்டர் தண்ணீரைக் கடைந்துகொண்டே இருக்கும். வெளியே போக வழியில்லாத சக்தி முழுவதும் சூடாக மாறும். 400 வாட் அப்படிப் போனால், இரண்டு லிட்டர் தண்ணீர் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3 டிகிரி ஏறும். இரும்பு உடலும் வெளிக்காற்றும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டாலும், அரை மணிக்குள் பிவிசி இளகத் தொடங்கும் 60 டிகிரியைத் தொட்டுவிடும். அதன்பின், தண்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் ரப்பர் கெடும். போர்வெல் சப்மெர்சிபிளில் இன்னும் மோசம். தன்னை உரசிப் போகும் தண்ணீரால்தான் அந்த மோட்டார் குளிர்கிறது, ஓட்டம் நின்றால் மோட்டாரின் கம்பிச்சுருள் சுடும்.

ஆம்பியர் அளவுக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். வழி அடைபட்டால் இந்த வகைப் பம்பு இழுக்கும் ஆம்பியர் குறையுமே தவிர ஏறாது. ரிலே பேசாமல் இருக்கும். ஏற்கெனவே இப்படி மாட்டிய வீடு என்றால், தொட்டி நிரம்பிய பின் பம்பின் உடலில் கை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாத சூடு இருக்கும். பக்கத்துப் பிவிசி குழாய் உப்பியோ வளைந்தோ தெரியும்.

மோட்டார் லைனின் முனை திறந்தே இருக்கட்டும். மோட்டாரை நிறுத்த ஃப்ளோட் சுவிட்ச் போட்டு, அது ஸ்டார்ட்டரின் காண்டாக்டரை விடுவிக்கும்படி எலக்ட்ரீஷியனை வைத்து இணையுங்கள். மிதவை வால்வு தெருக்குழாய் லைனுக்கும், மேல் தொட்டியிலிருந்து கீழ்த் தொட்டிக்கு இறங்கும் லைனுக்கும் உரியது. ஒரே மோட்டார் மூன்று தொட்டிகளை நிரப்புகிறது என்றால் மட்டும் மோட்டார் லைனிலும் அதற்கு இடம் உண்டு: முதல் இரண்டில் வால்வு, கடைசியாக நிரம்பும் தொட்டியில் வால்வு இல்லாமல் சுவிட்ச்.

பிளாஸ்டிக் தொட்டியில் ஒற்றை நட்டு

தொட்டிச் சுவர் மெல்லியது. பந்து தள்ளும் ஒவ்வொரு முறையும் 30 செ.மீ. கம்பி வால்வின் உடலை முறுக்கும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பக்கமும் ரப்பர் வாஷரும் செக் நட்டும் போட்டால்தான் அது சாயாமல் நிற்கும். சாய்ந்த வால்வில் பந்து பக்கச் சுவரில் உரசும். உரசிய பந்து ஒருநாள் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

வாய்க்குக் குழாய் நீட்டுவது

விழும் சத்தம் கேட்காமல் இருக்க வால்வின் வாயில் ஒரு துண்டுக் குழாயைச் செருகித் தண்ணீருக்குள் விடுகிறார்கள். தெருவில் அழுத்தம் போய்க் குழாய் காலியாகும்போது, வாஷர் சரியாக அமராமல் இருந்தால் தொட்டித் தண்ணீர் லைனுக்குள் திரும்ப இழுக்கப்படும். அந்த லைனில்தான் பக்கத்து வீட்டுக்குக் குடிதண்ணீர் போகிறது. வால்வின் வாய் ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு மேலே, காற்றில் இருக்க வேண்டும்.

ஓவர்ஃப்ளோ குழாயை அடைப்பது

வேண்டாம். வாஷர் ஒருநாள் தேயும், அன்றைக்குத் தண்ணீர் வெளியேற அந்தக் குழாய்தான் வழி.

கம்பியை மேல்நோக்கி வளைப்பது

நீர்மட்டம் குறையக் கம்பியைக் கீழே வளைக்க வேண்டும். பந்து சீக்கிரம் மிதந்து சீக்கிரம் மூடும். ஆணிப் பக்கம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடுவில் வளையுங்கள், இல்லையென்றால் ஆணி உடையும்.

மூடியதைப் பார்க்காமல் இறங்குவது

தொட்டி நிரம்பி ஓட்டம் நிற்கும் வரை மாடியிலேயே இருங்கள். நின்றதும் சுவரில் மட்டத்தைக் கோடு போட்டு, யாரையும் குழாய் திறக்க விடாமல் அரை மணி காத்திருங்கள். தண்ணீர் கோட்டைத் தாண்டினால் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் மணலோ பிவிசித் துருவலோ ஒட்டியிருக்கும். துடைத்தும் ஏறினால் பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் அந்தப் பந்தை மாற்ற வேண்டியதுதான்; ஒட்டுப் போட்டாலும் அது அடுத்த கோடைவரை தாங்காது.