நாணயச் சங்கக் கூட்டத்துக்கு விருந்தினராக வர அனுமதி கேட்கும்போது

"சார், என்கிட்ட டிராக்டர் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு இருக்கு. எவ்வளவு போகும்? உங்க மீட்டிங் எப்போ, நானும் வரலாமா?"

ஊர்ப்பக்கம் நாணயம் சேகரிப்போர் சங்கத்தில் செயலாளராக இருப்பவருக்கு இப்படி வரும் செய்திகள் பழகிப்போனவை. பழைய நோட்டும் காசும் லட்சக்கணக்கில் போகும் என்று ஆசை காட்டி, கமிஷன் கட்டணம் கேட்டு ஏமாற்றும் கும்பல்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதனால் விலை விசாரணையும் கூட்டத்துக்கு வரும் ஆசையும் ஒரே செய்தியில் வந்தால், செயலாளர் கண்ணில் முதலில் படுவது விலைதான். 'விற்க வருகிறார்' என்று நினைத்துக்கொள்வார். பதிலே போடாமலும் விடலாம். உங்களிடம் உண்மையிலேயே நல்ல காசு இருந்தாலும் முதல் செய்தியில் மதிப்பு கேட்க வேண்டாம், படமும் அனுப்ப வேண்டாம்.

அடுத்த தவறு, எந்தக் கூட்டம் என்று சொல்லாமல் விடுவது. சங்கத்தில் செயற்குழுக் கூட்டம் நிர்வாகிகளுக்கு மட்டும். ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிப்பார்கள், தீர்மானத்துக்குக் கை தூக்குவார்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்தை வைத்துத்தான் போதிய உறுப்பினர்கள் வந்தார்களா என்று பார்ப்பார்கள். அங்கே வெளியாள் உட்கார்ந்தால் செயலாளருக்குத்தான் சங்கடம். நீங்கள் கேட்க வேண்டியது மாதாந்திரச் சந்திப்பு. மேசை போட்டு, ஆல்பத்தைத் திறந்து வைத்து, காசு மாற்றிக்கொள்வதும் பேசுவதும் அங்கேதான். அன்றைக்கு ஏலம் இருந்தால் விருந்தினர் பார்க்கலாமா என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும், அதையும் கேட்டுவிடுவது நல்லது.

சந்திப்பில் சில பேர் மேசையில் பரப்பியிருப்பது பல வருடத்துச் சேமிப்பு. ஒன்று காணாமல் போனால் முன்பின் தெரியாதவரை உள்ளே விட்ட செயலாளரைத்தான் கேட்பார்கள். 'எனக்கு நாணயம் என்றால் ரொம்ப ஆர்வம்' என்ற ஒற்றை வரி அவருக்கு எதையும் சொல்லாது. பெயர், ஊர், வேலை, சங்கத்தைப் பற்றி யார் சொன்னார்கள் என்பதோடு, என்ன சேர்க்கிறீர்கள் என்பதையும் குறிப்பாக எழுதுங்கள். 'ஆறாம் ஜார்ஜ் காலத்து கால் ரூபாய், அரை ரூபாய்' என்று எழுதினால், இவர் கொஞ்சம் பார்த்துப் படித்தவர் என்று அவருக்குப் புரியும். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள். தெரிந்தவர்போல் எழுதினால் சந்திப்பில் அரை மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும்.

'எங்க வயலில் உழும்போது கிடைத்த காசு, கொண்டுவரட்டுமா?' என்று கேட்பதில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அப்படிப்பட்ட காசைச் சங்க மேசையில் வைக்கப் பொறுப்பான எந்தச் செயலாளரும் விரும்பமாட்டார். அந்தக் காசு போக வேண்டிய இடம் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக ஆட்சியரிடம்.

சரி, எப்படி எழுதலாம்? இப்படி:

"வணக்கம் ஐயா. என் பெயர் செல்வி, கரூரில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. உங்கள் சங்கத்தைப் பற்றி உங்கள் உறுப்பினரான என் சித்தப்பா சொன்னார். இரண்டு வருடமாக ஆறாம் ஜார்ஜ் காலத்து கால் ரூபாய்கள் சேர்த்து வருகிறேன். உறுப்பினராகச் சேர்வதற்கு முன் ஒரு மாதாந்திரச் சந்திப்பை விருந்தினராக இருந்து பார்க்க விரும்புகிறேன். விற்கவோ வாங்கவோ அல்ல, பார்க்க மட்டும். எந்தச் சந்திப்புக்கு வரலாம், விருந்தினர் கட்டணம் உண்டா என்று உங்களுக்கு வசதிப்படும்போது சொல்லுங்கள்."

இதில் 'கண்டிப்பாகச் சேர்ந்துவிடுவேன்' என்ற வாக்கு இல்லை. அனுமதி கிடைக்கட்டும் என்று அப்படி எழுதிவிட்டு, சந்திப்பு பிடிக்காமல் நழுவினால், உங்களை அனுப்பிவைத்த சித்தப்பாவுக்குத்தான் கெட்ட பெயர். 'சேர்வதற்கு முன்' என்பதே போதும், அது யாரையும் புண்படுத்தாது.

செய்தி போட்ட அன்றே அழைத்துக் கேட்பதும் வேண்டாம். சங்கச் செயலாளர் சம்பளம் வாங்கிக்கொண்டு போன் எடுப்பவர் அல்ல, பெரும்பாலும் வேலை முடிந்த நேரத்தில்தான் இதைப் பார்ப்பார். ஒரு வாரம் போனபின் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். 'வாங்கம்மா' என்று பதில் வந்தால், போன் கேமராவை யார் ஆல்பத்தின் மேலும் கேட்காமல் நீட்ட வேண்டாம். பதிவேட்டில் உறுப்பினர் வரிசைக்குக் கீழே, விருந்தினர் என்று குறித்துக் கையெழுத்துப் போடுங்கள்.