புதிதாக ரெய்டு கில்டில் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கில்டுக்கு ஆள் எடுப்பதும், ரெய்டு நாளில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதும் என் வேலை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் ஓஷியானிக் சர்வரில் ஆடுகிறோம். ஆஸ்திரேலியர்கள்தான் அதிகம் என்றாலும், சிங்கப்பூரிலிருந்து ஆடுபவர்களும் கணிசமாக உண்டு. புது ரெய்டு திறக்கும்போதெல்லாம் நம் பையன்கள் சிலர் வந்து சேருவார்கள். ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு செட்டும் முன்பு வந்தவர்கள் இடறிய அதே இடத்தில்தான் இடறுகிறது. நெருப்பில் நிற்காதே, கிழிந்த கவசத்தோடு வராதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே ஆட்டம் கற்றுக்கொடுத்துவிடும்.

சர்வர் மணியைக் கணக்குப் போடாமல் 'அக்செப்ட்' அழுத்துவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இந்த ஒன்றுதான்.

எங்கள் ரெய்டு சர்வர் மணிப்படி இரவு 8.30க்குத் தொடங்கும். சர்வர் மணி என்றால் சிட்னி மணி. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை சிட்னி நம்மைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கும். எனவே நமக்கு அது மாலை 6.30. அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அதே 8.30 நமக்கு 5.30. சிங்கப்பூரில் கடிகாரம் அசைவதே இல்லை என்பதால் இந்த மாற்றம் இங்கே யார் கண்ணிலும் படாது. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே பிரிஸ்பேனில் இருப்பவர்கள் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் கில்டில் ஒருவர் "எட்டரை" என்றால் எந்த ஊர் எட்டரை என்று கேட்டே தீர வேண்டும்.

ஒரு அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூலையில் சேர்ந்த தம்பி ஒருவர், நல்ல ஹீலர். வேலை ஐந்து மணிக்கு முடியும், வீட்டுக்கு ஆறு மணிக்கு வந்துவிடுவார், ஆறரைக்கு ரெய்டு. மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கடிகாரம் மாறிய வாரத்தின் புதன்கிழமைக்கும் வழக்கம்போல 'அக்செப்ட்' அழுத்தியிருந்தார். எங்களிடம் மாற்று ஹீலர் ஒருவர் இருந்தார். நான்கு ஹீலரும் உறுதி என்று பட்டியல் காட்டியதால், மதியமே அவரிடம் "இன்று நீங்கள் வேண்டாம், ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவரும் மனைவியோடு வெளியே சாப்பிடப் போய்விட்டார்.

8.30 ஆனது. பத்தொன்பது பேர் வாசலில் நிற்கிறார்கள். மித்திக் ரெய்டுக்குச் சரியாக இருபது பேர். பாஸின் உயிரும் அடியும் இருபது பேருக்கென்றே அளந்து வைத்தவை. அதிலும் குறைவது ஹீலர் என்றால், யார் எந்த விநாடியில் எந்தப் பெரிய ஹீலிங்கைப் போடுவது என்ற பட்டியலில் ஓட்டை விழுந்துவிடும். செய்தி அனுப்பினேன். "அண்ணே, இப்பதான் ரயில் ஏறினேன். ஆறரைக்குத்தானே ரெய்டு?" என்று பதில் வந்தது. வெளியாள் தேடிப் பார்த்தோம், தேறவில்லை. நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டுக் கலைந்தோம். பத்தொன்பது பேரின் நாற்பது நிமிடத்தைக் கூட்டினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அன்றைய மாலை முழுதும் போனது தனிக்கணக்கு.

அந்தத் தம்பி வராமல் இருந்தது பெரிய குற்றமில்லை. 'ஆப்சென்ஸ்' அழுத்தியிருந்தால் மாற்று ஹீலர் வந்திருப்பார், ரெய்டும் நடந்திருக்கும். 'அக்செப்ட்' என்ற ஒரு சொடுக்கு இன்னொருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. புதியவர்களுக்கு இது தெரிவதில்லை. அவர்கள் அதை ஆர்வத்தைக் காட்டும் பொத்தானாக நினைக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் 'டென்டேட்டிவ்', தாமதம் என்றால் 'லேட்'. அழுத்திவிட்டு, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று ஒரு வரியும் எழுதுங்கள்.

மணிக் குழப்பத்துக்கு எளிய தீர்வு உண்டு. டிஸ்கார்டில் நேரத்தை இப்படி எழுதினால், படிக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கருவியின் மணியிலேயே தெரியும்:

```
<t:1759914000:F>
```

நடுவில் உள்ள எண் யூனிக்ஸ் நேரம். இந்த எண் 2025 அக்டோபர் 8, புதன்கிழமை, சிட்னி இரவு 8 மணி. சிங்கப்பூரில் பார்ப்பவருக்கு அது மாலை 5 மணி என்று வரும். உங்கள் கில்டு இப்படி எழுதவில்லை என்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆட்டத்துக்குள் இருக்கும் காலண்டர் சர்வர் மணியைத்தான் காட்டும்.

அமெரிக்க கில்டில் சேர்ந்தால் கிழமையே மாறிவிடும். அவர்களுடைய செவ்வாய் இரவு நமக்குப் புதன் காலை.

சேருவதற்கு முன் வாரத்தைப் பார்க்காமல் இருப்பது

விண்ணப்பத்தில் "எல்லா நாளும் வர முடியும்" என்று எழுதுகிறார்கள். சாங்கியில் ஆறு மணிக்கு வேலை முடிந்து, ஜூரோங் வெஸ்ட்டுக்கு வீடு சேரும்போது ஏழரை ஆகிவிடும் ஒருவரால், சிட்னி எட்டரை ரெய்டுக்கு வார நாளில் எந்த மாதத்திலும் வர முடியாது. அப்படிப்பட்டவர்கள் வார இறுதியில் மட்டும் ஆடும் கில்டையோ, பின்னிரவில் தொடங்கும் கில்டையோ தேடுவதுதான் சரி. தேசிய சேவையில் இருக்கும் தம்பிகளில் பலர் ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஞாயிறு ரெய்டு உள்ள கில்டில் சேரும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு அழைப்பு வந்த அன்றே ஆபீசருக்குத் தேதியை அனுப்புங்கள். ஆஸ்திரேலிய ஆபீசருக்கு அது என்னவென்று தெரியாது, இரண்டு வரியில் விளக்கினால் புரிந்துகொள்வார். தீபாவளியும் அப்படித்தான்.

மூன்று ரோலும் ஆடுவேன் என்பது

இருபது பேரில் பெரும்பாலும் டேங்க் இருவர், ஹீலர் நால்வர், மற்றவர்கள் டிபிஎஸ். டேங்க் இடம் அரிதாகத்தான் காலியாகும். காலியானதும் அதைப் பிடிக்க, டேங்கே ஆடாத ஆள் கை தூக்குவார். டேங்க் அடி வாங்குவதோடு நின்றுவிடுபவர் இல்லை. பாஸ் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் முகம் திரும்ப வேண்டும், கூட்டாளி டேங்க் மேல் எத்தனை அடுக்கு ஏறியதும் டாண்ட் செய்து பாஸைத் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில். பழகாத டேங்க் ஒரு விநாடி தாமதித்தால் இருபது பேரும் தரையில். ஒரு ரோலைச் சொல்லுங்கள். இரண்டாவதைச் சொன்னால் அதற்கான கியரும் இருக்கட்டும்.

டிபிஎஸ்காரர்கள் மீட்டரை மட்டும் பார்ப்பதும் இதே வகைதான். எதிரியின் மந்திரத்தைத் தடுக்க மூன்று பேருக்கு வரிசை கொடுத்திருப்போம். இரண்டாமவர் அவசரப்பட்டு முதலாமவரோடு சேர்ந்தே கிக்கை அழுத்திவிடுவார். பல கிளாஸ்களுக்கு அது மறுபடி தயாராக 15 விநாடி ஆகும். இரண்டாவது மந்திரம் தடையில்லாமல் வந்து விழும். மீட்டரில் அவர்தான் முதலிடம். லாகைத் திறந்தால் யார் எப்போது அழுத்தினார் என்பது அப்படியே இருக்கும், ஆபீசர்கள் அதைத்தான் படிக்கிறோம்.

மைக்

புஷ்-டு-டாக். ஃபேன் சத்தம் இருபது பேருக்கும் கேட்கிறது.

லூட்

மெயின் ஸ்பெக்குக்குத் தேவையில்லாத பொருளுக்கு 'நீட்' அழுத்தாதீர்கள். கில்டின் விதியை முதல் பாஸுக்கு முன்பே கேளுங்கள்.

ரெய்டு நடுவில் விவாதம்

வேண்டாம். லீடர் சொன்னது தவறாகப் பட்டாலும் அந்த முயற்சி முடியும்வரை அதன்படியே ஆடுங்கள். இடைவேளையில் ஆபீசருக்குத் தனியாக எழுதுங்கள். அப்படி எழுதிய புதியவர் ஒருவரின் யோசனைப்படி நாங்கள் ஹீலர் வரிசையையே மாற்றியிருக்கிறோம்.